முட்டு என்று நினைத்தது வளையமாம்: பத்து மாதப் பிள்ளையின் தாய்க்கு ஒரு பதில்

கேள்வி:

டொக்டர், நான் களுவாஞ்சிக்குடி. மகனுக்குப் பத்து மாதம். பிறந்த கிழமையிலிருந்தே மூச்சு விடும்போது கர்கர் என்று சத்தம். முட்டு என்று சொல்லி எத்தனையோ தரம் நெபுலைஸ் பண்ணினார்கள், பம்ப்பும் தந்தார்கள், ஒன்றுக்கும் அடங்கவில்லை. சோறு தொடங்கினதிலிருந்து கட்டியாகக் கொடுத்தால் கக்குகிறான். தலையைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டுதான் நித்திரை. எடை 7.1 கிலோ. எக்கோ எடுத்து இதயம் நல்லம் என்றார்கள். பிறகு பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே, அதுக்குப் பிறகு சிடி. இப்ப பெருநாடி வலப்பக்கமாக வளையுதாம், இடக்கை நாடி உணவுக்குழாய்க்குப் பின்னால் போகுதாம், மூச்சுக்குழாயைச் சுற்றி வளையமாம், கொழும்பில் ஒபரேஷன் செய்யவேண்டுமாம். இதயம் நல்லம் என்றால் இது எங்கிருந்து வந்தது? ஐந்தாம் மாதம் கிரகணத்தன்று நான் வெளியே நின்றேன், அதுதான் காரணம் என்கிறா மாமி. வளர வளரத் தானாகச் சரியாகாதா?

பதில்:

தங்கச்சி, முதலில் கிரகணத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் அது உங்கள் மனதில் கிடந்து அரிக்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. உங்கள் மகனின் பெருநாடி எந்தப் பக்கமாக வளைவது என்பது கரு உண்டாகி 4ஆம் வாரத்துக்கும் 8ஆம் வாரத்துக்கும் இடையில் முடிவான விஷயம். கிளினிக்கில் கடைசி மாதவிடாயிலிருந்து கணக்குப் பார்ப்பார்கள், அந்தக் கணக்கில் அது 6 முதல் 10 வாரம். அதாவது மாதவிடாய் தள்ளிப்போயிற்றே என்று நீங்கள் யோசிக்கத் தொடங்கிய நாட்களில் வேலை ஆரம்பமாகி, குடும்பநல உத்தியோகத்தர் உங்கள் பெயரைப் பதிந்து கொப்பி தந்த காலத்தோடு முடிந்தும் விட்டது. ஐந்தாம் மாதத்தில் நீங்கள் எங்கே நின்றிருந்தாலும் அந்த நாடிகள் இடம் மாறியிருக்க மாட்டா. மாமியிடம் கோபிக்காமல் இந்தக் கணக்கை மட்டும் சொல்லுங்கள், அவவுக்கும் அது ஆறுதலாக இருக்கும்.

சரி, எங்கிருந்து வந்தது? இதை நான் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இது விளங்கினால் எக்கோவில் ஏன் பிடிபடவில்லை, ஒபரேஷனில் எதை வெட்டப்போகிறார்கள், பிறகு ஏன் குரல் கம்மலாம் என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

நாலாவது வாரத்தில் முளையம் 4, 5 மில்லிமீற்றர்தான் நீளம். இதயம் அப்போது கழுத்துக்குக் கிட்ட இருக்கிறது. இதயத்திலிருந்து இரத்தம் முன்பக்கமாக வெளியே வருகிறது, ஆனால் உடம்புக்கு அதைக் கொண்டுபோகும் பெரிய நாடிகள் இரண்டும் முதுகுப் பக்கத்தில் வலமும் இடமுமாக ஓடுகின்றன. முன்னுக்கு வந்த இரத்தம் பின்னுக்குப் போகவேண்டும், நடுவிலே தொண்டைக் குழாய் நிற்கிறது. அதனால் குழாயின் இரண்டு பக்கத்தாலும் வில் மாதிரி வளைந்து பின்னால் போகும் நாடிகள் உண்டாகின்றன. இவற்றைத்தான் தொண்டை வில் நாடிகள் என்கிறோம். மேலிருந்து கீழாக ஆறு சோடி என்று எண்ணுவது வழக்கம். எல்லாம் ஒரே நேரத்தில் இருப்பதில்லை, கீழ்ச் சோடிகள் தோன்றும்போது மேல்சோடிகள் மறைந்துகொண்டு வரும், ஐந்தாவது சோடி மனிதரில் உருப்படியாக வருவதேயில்லை. நமக்கு இன்றைக்குத் தேவையானவை மூன்றுதான். மூன்றாவது சோடி தலைக்குப் போகும் கழுத்து நாடிகளாகிறது. நாலாவது சோடியில் இடது, பெருநாடியின் வளைவில் ஒரு பகுதியாகிறது. வலது, வலக்கைக்குப் போகும் நாடியின் அடிப்பகுதியாகிறது. ஆறாவது சோடி நுரையீரல் நாடிகளின் ஆரம்பத்தைத் தருகிறது, அதோடு இடப்பக்கத்தில் டக்டஸ் என்ற குறுங்குழாயையும் தருகிறது. வயிற்றில் இருக்கும்போது பிள்ளை மூச்சு விடுவதில்லை, அதனால் நுரையீரலுக்குப் போகவேண்டிய இரத்தத்தை நேரே பெருநாடிக்குத் திருப்பி விடுவது இந்த டக்டஸ்தான். பிறந்த பிறகு அது மூடி, வெறும் நாராகச் சுருங்கிவிடும்.

நடுவில் நிற்கும் அந்தத் தொண்டைக் குழாயிலிருந்துதான் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் பிரிந்து வருகின்றன. இப்போது பாருங்கள், முன்னால் இதயம், பின்னால் முதுகு நாடி, இரண்டு பக்கமும் வில் நாடிகள், நடுவில் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும். புளியந்தீவின் இரண்டு பக்கத்தாலும் வாவி போய்ச் சேருகிற மாதிரி. ஆகவே உங்களுக்கும் எனக்கும் மாமிக்கும் அந்தக் கிழமைகளில் இந்த வளையம் இருந்தது. நம்மில் அது சரியான ஓரிடத்தில் அறுந்துபோனது, உங்கள் மகனில் வேறோரிடத்தில் அறுந்தது. முழுக் கதையும் அவ்வளவுதான்.

ஒரு தாளும் பேனாவும் எடுங்கள், இதைக் கீறிப் பார்த்தால்தான் நன்றாக விளங்கும். நடுவில் இரண்டு சின்ன வட்டம் போடுங்கள், முன்னால் உள்ளது மூச்சுக்குழாய், அதன் பின்னால் உணவுக்குழாய். இரண்டையும் சுற்றி ஒரு பெரிய வட்டம். வட்டத்தின் முன்பக்கம் இதயத்திலிருந்து வரும் பெருநாடி, பின்பக்கம் கீழே இறங்கிப் போகும் பெருநாடி. இனி வட்டத்தின் இடப்பக்கத்தில், முன்னாலிருந்து பின்னாக, இரண்டு கிளை கீறுங்கள்: முதலாவது இடக் கழுத்து நாடி, அடுத்தது இடக்கை நாடி. வலப்பக்கத்திலும் அதே ஒழுங்கில் இரண்டு. பிறகு முன்னால் உள்ள நுரையீரல் நாடியிலிருந்து ஒரு கோடு, இடப்பக்கத்தில் கை நாடி தொடங்குகிற இடத்துக்குக் கிட்ட வந்து சேரட்டும், அது டக்டஸ். வலப்பக்கத்து டக்டஸ் பெரும்பாலும் நேரத்தோடு மறைந்துவிடும், அதைக் கீற வேண்டாம். அமெரிக்க நோய்க்கூற்று வல்லுநர் ஜெஸ்ஸி எட்வர்ட்ஸ் 1948இல் முன்வைத்த படம் கிட்டத்தட்ட இதுதான், இன்றைக்கும் நாங்கள் இந்தக் குறைபாடுகளை விளங்கிக்கொள்வது இந்த ஒரு வட்டத்தை வைத்துத்தான்.

இப்போது சாதாரணமாக என்ன நடக்கிறது என்று பாருங்கள். வட்டத்தின் வலப்பக்கத்தில், வலக்கை நாடிக்கும் பின்னால் இறங்கும் பெருநாடிக்கும் இடைப்பட்ட துண்டை அழித்துவிடுங்கள். வளையம் திறந்துவிட்டது. இடப்பக்கம் முழுதாக இருக்கிறது, அது பெருநாடி வளைவு. வலப்பக்கத்தில் மிஞ்சிய முன்துண்டிலே வலக் கழுத்து நாடியும் வலக்கை நாடியும் தொங்குகின்றன. டக்டஸ் இடப்பக்கம், வளைவும் இடப்பக்கம், ஒன்றுக்கொன்று கிட்ட. மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் யாரும் சுற்றிப் பிடிக்கவில்லை.

அந்தத் துண்டைத் திரும்பக் கீறிவிட்டு உங்கள் மகனுடைய வெட்டைப் போடுவோம். இவனில் அழிந்தது இடப்பக்கத்தில், இடக் கழுத்து நாடிக்கும் இடக்கை நாடிக்கும் நடுவே உள்ள துண்டு. அதை அழித்துவிட்டுப் பாருங்கள். வலப்பக்கம் முழுதாக நிற்கிறது, ஆகவே பெருநாடி வலப்பக்கமாக வளைகிறது, சிடி ரிப்போர்ட்டில் முதலில் எழுதியிருப்பது அது. இடக் கழுத்து நாடி முன்னால் மிஞ்சிய துண்டில் நிற்கிறது, அதற்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் இடக்கை நாடிக்கு முன்னால் இருந்த வழி போய்விட்டது, அதற்கு இரத்தம் வரவேண்டுமானால் பின்பக்கத்தால்தான் வரவேண்டும். வலது வளைவு பின்னால் போகிறது, அங்கிருந்து இடக்கை நாடி கிளைத்து உணவுக்குழாயின் பின்புறமாக இடப்பக்கம் வந்து கைக்குப் போகிறது. ரிப்போர்ட்டில் உள்ள இரண்டாவது வரி அது.

இந்த அளவோடு நின்றிருந்தால் அது முழு வளையமில்லை, இடப்பக்கம் திறந்துதான் இருக்கும். இப்போது நீங்கள் கீறிய டக்டஸைப் பாருங்கள். அது அழியவில்லை. முன்னால் உள்ள நுரையீரல் நாடியிலிருந்து புறப்பட்டு, இடப்பக்கத்தால் போய், பின்னால் இருக்கிற இடக்கை நாடியின் அடியில் கட்டியிருக்கிறது. விரலை வைத்துச் சுற்றி வாருங்கள்: முன்னால் பெருநாடியும் நுரையீரல் நாடியும், வலப்பக்கம் வளைவு, பின்னால் கை நாடியின் அடி, இடப்பக்கம் அந்த நார். ஓர் இடத்திலும் திறப்பு இல்லை. பிள்ளையின் மூச்சை நெரிப்பதில் பெரிய பங்கு, இரத்தம் ஓடாத, ஒரு சில மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு நாருக்கு இருக்கிறது.

உங்கள் ரிப்போர்ட்டில் கொமரெல் என்ற பெயரும் இருக்கலாம். இடக்கை நாடி தொடங்குகிற அடிப்பகுதி பலருக்கு ஒரு பை மாதிரி வீங்கியிருக்கும், அதற்குக் கொமரெல் பை என்று பெயர். கொமரெல் ஒரு ஜெர்மனிய எக்ஸ்ரே வைத்தியர், 1936இல் பேரியம் குடித்த ஒரு நோயாளியின் படத்தில் இப்படியொரு வீக்கத்தைக் கண்டு எழுதியவர். வீங்குவதற்குக் காரணமும் முளையத்திலேயே இருக்கிறது: வயிற்றில் இருந்த மாதங்கள் முழுக்க டக்டஸ் வழியாக வந்த அவ்வளவு இரத்தமும் அந்த அடித்துண்டு வழியாகத்தான் பெருநாடிக்குப் போயிருக்கிறது, அதனால் அது கை நாடிக்குத் தேவையான அளவைவிடப் பெருத்துவிட்டது. ஆகவே சிடியில் அந்தப் பை தெரிந்தால், அதில் ஒரு நார் கட்டியிருக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம், நார் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும்.

இதே தாளில் வேறு வெட்டுகளையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு துண்டும் அழியாமல் விட்டால் இரட்டை வளைவு, அது வளையங்களிலேயே இறுக்கமானது, அநேகமாகப் பிறந்த முதல் மாதங்களிலேயே சத்தத்தோடு வந்துவிடுவார்கள். இடப்பக்கத்தில் இன்னும் பின்னுக்குப் போய், இடக்கை நாடிக்குப் பிறகு உள்ள துண்டு அழிந்தால், அப்போதும் பெருநாடி வலப்பக்கம்தான், ஆனால் நார் பெரும்பாலும் முன்னாலேயே முடிந்துவிடுவதால் வளையம் உண்டாவதில்லை. அந்தப் பிள்ளைகளில் இதயத்துக்குள்ளே வேறு குறைபாடு இருக்கிறதா என்று தேடவேண்டும், நீலம் பாயும் பிள்ளைகள் சிலரில் இதைக் காண்கிறோம். வலக் கழுத்து நாடிக்கும் வலக்கை நாடிக்கும் நடுவில் அழிந்தால், வலக்கை நாடி உணவுக்குழாயின் பின்னால் போகும், ஆனால் வளைவும் நாரும் ஒரே பக்கம், அதனால் முழு வளையம் இல்லை. நூற்றில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட இப்படி இருக்கும், அநேகர் தெரியாமலே வாழ்ந்து முடிப்பார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாளைக்கு யாராவது உங்களிடம் வந்து எங்கள் பிள்ளைக்கும் கை நாடி பின்னால்தான் போகிறதாம், ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றார்களே என்று சொல்லக்கூடும். அது வேறு வெட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ரிப்போர்ட்டை வைத்து உங்கள் மகனுக்கு முடிவெடுக்கக் கூடாது.

எக்கோ பற்றிக் கேட்டிருந்தீர்கள். எக்கோ செய்தவர் பொய் சொல்லவில்லை. அறைகள், வால்வுகள், சுவர்கள் எல்லாம் சரி, வளையம் இருப்பது இதயத்துக்கு வெளியே, மேலே. கழுத்துக் குழியில் கருவியை வைத்து வளைவு எந்தப் பக்கம் போகிறது, முதல் கிளை எந்தப் பக்கம் போகிறது என்று தேடிப் பார்த்தால் சந்தேகப்படலாம், ஆனால் அப்படிப் பார்க்கவேண்டும் என்று கேட்டு அனுப்பியிருக்கவேண்டும். அப்போதும் இரண்டு தடை உண்டு. மூச்சுக்குழாயில் காற்று இருக்கிறது, அல்ட்ராசவுண்ட் காற்றைத் தாண்டிப் போகாது, அதனால் அதன் பின்னால் இருப்பது மறைந்துவிடும். நாரில் இரத்தம் ஓடுவதில்லை, எக்கோவின் நிறப்படம் ஓடும் இரத்தத்தைத்தான் காட்டும். பேரியம் படம் கையில் இருந்தால் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பக்கவாட்டுப் படத்தைப் பாருங்கள், உணவுக்குழாயின் வெள்ளைக் கோட்டில் பின்பக்கத்திலிருந்து யாரோ விரலால் அமத்தின மாதிரி ஒரு குழி இருக்கும். அதுதான் அந்த நாடியும் பையும் போகிற இடம். சாதாரணமாக அந்த இடத்தில் பின்னாலிருந்து அமத்த ஒன்றுமில்லை, ஆகவே அந்த ஒரு குழியைக் கண்டவர் சிடிக்கு அனுப்பினது மிகச் சரியான வேலை.

இனி அந்தக் கர்கர் சத்தம். முட்டு என்பது நெஞ்சுக்குள்ளே சின்னச் சின்னக் காற்றுக் குழாய்கள் சுருங்குவது, நெபுலைசரில் போடும் மருந்து அந்தச் சின்னக் குழாய்களின் தசையைத் தளர்த்தும். இங்கே நெரிபடுவது பெரிய குழாய், நெரிப்பது வெளியிலிருந்து ஒரு நாடி. மருந்துக்கு அங்கே வேலையில்லை, மூச்சுக்குழாய் ஏற்கனவே மெதுமையாக இருக்கும் சில பிள்ளைகளில் தசை தளர்ந்து சத்தம் கூடவும் செய்யும். வித்தியாசத்தைக் காது வைத்தே ஓரளவு பிடிக்கலாம்: முட்டில் சத்தம் மூச்சை விடும்போது, தடிமனோடு வந்து தடிமனோடு போகும், இடையில் பிள்ளை அமைதியாக மூச்சு விடும். வளையத்தில் சத்தம் உள்ளிழுக்கும்போதும் விடும்போதும் இருக்கும், நல்ல நாளிலும் இருக்கும், அழும்போதும் பால் குடிக்கும்போதும் கூடும். பிறந்த கிழமையிலிருந்து என்று நீங்கள் எழுதினது மிக முக்கியமான தகவல், ஒவ்வொரு தரமும் அதை முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

ஒரு கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் 5 மில்லிமீற்றர் அளவு அகலம்தான். குழாயின் விட்டம் பாதியானால் காற்று போவதற்கான தடை குறைந்தது 16 மடங்காகும். சும்மா இருக்கும்போது பிள்ளை எப்படியோ சமாளிப்பான், ஆனால் ஒரு சாதாரணத் தடிமன் வந்து உட்சுவர் ஒரு மில்லிமீற்றர் வீங்கினால் போதும், அன்றிரவு வார்டுக்கு ஓடவேண்டி வரும். சோறும் அப்படித்தான். உணவுக்குழாய் நெரிபட்ட இடத்தில் கஞ்சியும் பாலும் வழுக்கிப் போய்விடும், கட்டி அங்கே நிற்கும், நின்ற கட்டி முன்னால் இருக்கிற மூச்சுக்குழாயையும் தள்ளும். அதனால்தான் கக்குகிறான், பிடிவாதமில்லை. தலையைப் பின்னுக்கு வளைத்தால் மூச்சுக்குழாய் இழுபட்டு விறைப்பாகி கொஞ்சம் திறந்து நிற்கும், அதைப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்திருக்கிறான். நித்திரையில் தலையை நேராக்கிவிட முயலாதீர்கள்.

வளர வளரச் சரியாகுமா என்பதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன்: இவனுக்கு ஆகாது, காத்திருக்க வேண்டாம். இதே வளையம் இருந்தும் ஒரு தொந்தரவும் இல்லாமல் வளர்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஏனென்றால் இந்த வகை இரட்டை வளைவைவிடத் தளர்வானது. அவர்களை ஒபரேஷன் செய்வதா பார்த்துக்கொண்டிருப்பதா என்பதில் வைத்தியர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. உங்கள் மகன் அந்தக் கூட்டத்தில் இல்லை. பிறந்ததிலிருந்து சத்தம், விழுங்கக் கஷ்டம், பத்து மாதத்தில் 7.1 கிலோ. அந்த வயதில் ஆண் பிள்ளைகளின் நடு அளவு 9 கிலோவுக்குச் சற்று மேலே, கிளினிக் கொப்பியின் எடை வரைபில் அவன் புள்ளி செம்மஞ்சள் பகுதியில் விழும். அதோடு மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்கள் தொடர்ந்து அமத்துப்பட்டால் விறைப்பு வராமல் மெதுமையாகவே நின்றுவிடும், கன காலம் அமத்துப்பட்டால் பிறகு சரியாகவும் கூடக் காலம் எடுக்கலாம்.

ஒபரேஷனுக்கு வருவோம். இதயத்தைத் திறப்பதில்லை, பெரும்பாலும் இதயத்தை நிறுத்தி மெஷினில் போடவும் தேவையில்லை. இடப்பக்கத்து விலாவில், நாலாவது விலா எலும்பு இடைவெளி வழியாகப் போய் அந்த நாரைக் கட்டி வெட்டுவார்கள். உங்கள் தாளில் இடப்பக்கத்துக் கோட்டை வெட்டிப் பாருங்கள், வளையம் அந்த இடத்தில் திறந்துவிடும். பை பெரிதாக இருந்தால் நாரை மட்டும் வெட்டினால் பின்னாலிருந்து அது தொடர்ந்து அமத்தும், அப்படியானால் பையையும் எடுத்துவிட்டு இடக்கை நாடியைப் பக்கத்திலுள்ள கழுத்து நாடியில் தைத்துவிடுவார்கள். இரண்டில் எது என்பதை சிடியைப் பார்த்து சத்திரசிகிச்சை நிபுணர் சொல்வார், இந்தக் கேள்வியை நீங்கள் கட்டாயம் கேளுங்கள், பை எவ்வளவு பெரிது, அதையும் எடுப்பீர்களா என்று. உலகில் முதன்முதலாக இப்படியொரு வளையத்தை வெட்டித் திறந்தது 1945இல் பொஸ்டனில், ரொபர்ட் குரோஸ் என்பவர், ஆகவே இது பரிசோதனை முயற்சியெல்லாம் இல்லை, பழகிய வேலை.

அபாயம் இல்லையா என்றால், இருக்கிறது. குரல் நாணுக்குப் போகும் இட நரம்பு முளையத்தில் ஆறாவது வில்லின் நரம்பு. இதயம் நெஞ்சுக்குள் இறங்கும்போது அந்த வில் நாடியும் இறங்குகிறது, நரம்பு அதில் கொளுவுப்பட்டு அதோடு இழுபட்டு வந்து, நாரைச் சுற்றித் திரும்பித்தான் மேலே குரல்வளைக்குப் போகிறது. வெட்டவேண்டிய நாரும் காக்கவேண்டிய நரம்பும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. கவனமாகப் பிரித்து எடுப்பார்கள், ஆனாலும் சிலருக்குக் குரல் கம்மும், தண்ணீர் குடிக்கும்போது புரையேறும், பலருக்கு அது நாளடைவில் தேறும். இன்னொன்று, கொழுப்புக் கலந்த நிணநீர்க் குழாய் அந்தப் பக்கத்தால்தான் ஏறுகிறது, அது காயப்பட்டால் நெஞ்சுக்குள் பால் நிறத் திரவம் சேரும், அப்படி நடந்தால் கொஞ்ச நாள் விசேஷமான கொழுப்புக் குறைந்த பால் கொடுப்பார்கள்.

இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பெற்றோர் அதிகம் உடைந்துபோவது இந்த இடத்தில்தான்: ஒபரேஷன் முடிந்த அன்றைக்கே சத்தம் நின்றுவிடாது. விழுங்குவது கெதியில் திருந்தும், சில கிழமைகளிலேயே சோறு இறங்கத் தொடங்கலாம். ஆனால் மூச்சுக்குழாயின் அந்தத் துண்டு மாதக் கணக்கில் நெரிபட்டு மெதுமையாகிவிட்டது, அது விறைக்க மாதங்கள் எடுக்கும், சிலருக்கு ஒரு வருடம், அதற்கு மேலும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தடிமனுக்கும் பழைய சத்தம் வரும். எடை ஏறுகிறதா, விலா இழுபடாமல் மூச்சு விடுகிறானா, இதை வைத்துத்தான் பார்க்கவேண்டும். மாதங்கள் போயும் கொஞ்சம்கூடக் குறையவில்லையென்றால் கமெரா விட்டு மூச்சுக்குழாயை உள்ளே பார்ப்பார்கள்.

திகதி வரும்வரை சாப்பாட்டை அவனுடைய குழாய்க்கு ஏற்ற மாதிரி செய்யுங்கள். சோறு, பருப்பு, மீன், மரக்கறி எல்லாம் கொடுக்கலாம், ஆனால் நன்றாக அவித்து மசித்து கரண்டியிலிருந்து வழிகிற பதத்தில். எடைக்காக மசித்த சோற்றில் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் அல்லது தேங்காய்ப்பால் சேருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தரம், நிமிர்த்தி வைத்து. பாண் துண்டு, வாழைப்பழத் துண்டு, பிஸ்கட் கையில் கொடுக்கவேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அன்பில் ஊட்டிவிடுவார்கள், அவர்களுக்கும் சொல்லிவையுங்கள். சாப்பிடும்போது நீலம் பாய்ந்தால், மூச்சு நின்று நின்று வந்தால், நெஞ்சுக்குழி உள்ளே இழுபட்டால், பால் குடிக்க முடியாமல் போனால் அடுத்த நாள் கிளினிக்குக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு. சிடி ரிப்போர்ட்டின் ஒரு பிரதியைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருங்கள், களுவாஞ்சிக்குடியோ மட்டக்களப்போ கல்முனையோ எங்கே போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு: இப்படிப் பிள்ளைகளில் மூக்கால் வயிற்றுக்கு விடும் குழாயை நாட்கணக்கில் வைத்திருந்தால், பின்னால் நாடி அமத்துகிற இடத்தில் உணவுக்குழாய்ச் சுவர் அரிபட்டு நாடியில் ஓட்டை விழலாம், அரிதுதான், ஆனால் உயிராபத்தான இரத்தப்போக்கு. வளையம் இருப்பது தெரிந்த வைத்தியர் அந்தக் குழாயைத் தேவைக்கு மேல் ஒரு நாளும் வைத்திருக்க மாட்டார்.

கொழும்பில் இரத்தத்தில் கல்சியம் பார்ப்பார்கள், ஒருவேளை 22ஆவது குரோமோசோமுக்கு ஒரு சோதனையும் எழுதுவார்கள். வலப்பக்கம் வளையும் பெருநாடி உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு அந்தக் குரோமோசோமில் சின்னத் துண்டு ஒன்று குறைந்திருக்கும், அது தொண்டை வில்கள் உருவாகிற காலத்துக்குத் தேவையான துண்டு. அது இருந்தால் கல்சியம் குறையலாம், நோயெதிர்ப்புக் குறையலாம், ஒபரேஷனுக்கு முன்னரே தெரிந்திருப்பது நல்லது. சோதனை எழுதினார்கள் என்பதற்காக அவனுக்கு அது இருக்கிறது என்று பயந்துவிடாதீர்கள்.

அடுத்த பிள்ளையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மாமி கேட்பா. அந்தக் குரோமோசோம் சோதனை சரியாக இருந்தால் திரும்ப வருவதற்கான வாய்ப்புக் குறைவு. வயிற்றில் 20 வாரமளவில் எடுக்கும் ஸ்கேனில், இதயத்துக்கு மேலே மூச்சுக்குழாயோடு சேர்த்துப் பெரிய குழாய்களைப் பார்க்கும் ஒரு கோணம் இருக்கிறது: சாதாரணமாகப் பெருநாடியும் டக்டஸும் மூச்சுக்குழாயின் ஒரே பக்கத்தில் ஒன்றாகச் சேரும், உங்கள் மகனுடைய வகையில் மூச்சுக்குழாயை நடுவில் விட்டு இரண்டு பக்கத்தாலும் போகும். ஸ்கேனுக்குப் போகும்போது முதல் பிள்ளைக்கு வளையம் இருந்தது, அந்தக் கோணத்தையும் பாருங்கள் என்று சொன்னால் போதும்.